தொட்டி காலியாக எத்தனை நிமிடம்?

மொட்டை மாடியில் ஒரு சிமென்ட் தொட்டி. நீளம், அகலம், ஆழம் மூன்றும் ஒரு மீட்டர். நிறைந்தால் 1000 லிட்டர் தண்ணீர் பிடிக்கும். கழுவுவதற்காக, அடியில் இருக்கும் 2 சென்டிமீட்டர் விட்டமுள்ள துளையைத் திறந்துவிடுகிறோம். முழுத் தண்ணீரும் வெளியேற எவ்வளவு நேரம் ஆகும்?

திறந்தவுடன் ஒரு வாளியை வைத்துப் பார்த்தால், வினாடிக்குச் சுமார் 0.85 லிட்டர் வருகிறது. 1000 லிட்டரை 0.85 ஆல் வகுத்தால் 20 நிமிடத்துக்குச் சற்றுக் குறைவாக விடை கிடைக்கும். ஆனால் 20 நிமிடம் கழித்து மாடிக்குப் போனால் தொட்டியில் கால்பங்குத் தண்ணீர் அப்படியே நிற்கும். அந்தக் கால்பங்கு வடிய இன்னும் 20 நிமிடம் பிடிக்கும்.

முக்கால் தொட்டி வடிய ஆகும் நேரமும் மிச்சமிருக்கும் கால் தொட்டி வடிய ஆகும் நேரமும் சமம். தண்ணீர் குறையக் குறைய அதன் வேகமும் குறைகிறது என்பது எல்லோருக்கும் தெரியும். எவ்வளவு குறைகிறது, அதைக் கணக்கில் எப்படிக் கொண்டுவருவது என்பதுதான் கேள்வி. கல்லூரியில் ‘தொகையிடல்’ என்ற பெயரில் பலரை மிரட்டிய கணிதம் இங்கே வெறும் கூட்டல்தான் என்பதைத் தொட்டியை வைத்தே பார்த்துவிடலாம்.

டாரிசெல்லியின் விதி

துளையிலிருந்து வரும் நீரின் வேகத்தை முதலில் சரியாகச் சொன்னவர் இத்தாலியரான எவாஞ்சலிஸ்டா டாரிசெல்லி. கலிலியோவின் கடைசி மாதங்களில் அவருடன் இருந்து பணியாற்றியவர். பாதரச அழுத்தமானியால் பெயர் பெற்றவர். 1644-இல் வெளிவந்த அவருடைய நூலில் இந்த விதி இருக்கிறது. துளையை மேல்நோக்கித் திருப்பி வைத்தால், பீறிடும் நீர் ஏறத்தாழத் தொட்டியின் நீர்மட்டம் வரை எழும்புகிறது. அவ்வளவு உயரம் ஏற வேண்டுமானால், அதே உயரத்திலிருந்து விழும் ஒரு பொருள் தரையைத் தொடும்போது பெறும் வேகம் அந்த நீருக்கும் இருந்தாக வேண்டும். அந்த வேகத்தைக் கலிலியோவின் விதி ஏற்கெனவே சொல்லியிருந்தது:

v = √(2gh)

இங்கே h என்பது துளைக்கு மேலே நிற்கும் நீரின் உயரம், g என்பது புவியீர்ப்பு முடுக்கம், அதாவது 9.8. நம் தொட்டியில் தொடக்கத்தில் h ஒரு மீட்டர். ஆகவே வேகம் வினாடிக்கு 4.43 மீட்டர். உயரம் கால் மீட்டராகக் குறையும்போது வேகம் கால்பங்காகிவிடுவதில்லை, பாதியாகத்தான் குறைகிறது. வர்க்கமூலம் செய்யும் வேலை இது. கால் தொட்டி மிச்சமிருக்கும் நேரத்தில் தண்ணீர் பாதி வேகத்தில் வந்துகொண்டிருக்கும்.

வேகம் தெரிந்தால் அதைத் துளையின் பரப்பால் பெருக்கி, வினாடிக்கு எத்தனை லிட்டர் என்று சொல்லிவிடலாம் என்று தோன்றும். அப்படிச் செய்தால் விடை அதிகமாக வரும். நாலாபுறமிருந்தும் துளையை நோக்கி ஓடிவரும் நீர், துளையின் ஓரத்தில் சட்டென்று திரும்ப முடியாது. அதனால் வெளியே வந்த பிறகும் தாரை சற்று உள்நோக்கிச் சுருங்குகிறது. துளையின் விட்டத்தில் பாதி தூரம் தள்ளிப் பார்த்தால் தாரை துளையைவிட மெலிந்திருப்பது கண்ணுக்கே தெரியும். கூர்மையான விளிம்புள்ள துளையில், தாரையின் பரப்பு துளையின் பரப்பில் சுமார் 62 முதல் 64 சதவீதம்தான். உராய்வால் வேகமும் ஓரிரு சதவீதம் குறைகிறது. இரண்டையும் சேர்த்து ‘வெளியேற்றக் குணகம்’ என்கிறார்கள். கூர்மையான துளைக்கு அது 0.61 என்று எடுத்துக்கொள்வது வழக்கம். துளையின் உள்விளிம்பை நன்றாக வளைத்து மழுக்கிவிட்டால் தாரை சுருங்குவதில்லை, குணகம் 0.98 வரை போகும். விட்டத்தைப் போல இரண்டு மூன்று மடங்கு நீளமுள்ள சிறு குழாயைத் துளையில் பொருத்தினால் ஏறத்தாழ 0.8 கிடைக்கும்.

நம் துளையின் பரப்பு 3.14 சதுர சென்டிமீட்டர். அதை 0.61 ஆல் பெருக்கினால் 1.92. தண்ணீரைப் பொறுத்தவரை இதுதான் துளையின் உண்மையான அளவு. வாளியில் விழுந்த 0.85 லிட்டர் இப்படித்தான் வந்தது.

பத்துப் பட்டைகளாக வெட்டுவோம்

வேகம் மாறிக்கொண்டே இருக்கும்போது நேரத்தை எப்படிக் கணக்கிடுவது? தொட்டியை மேலிருந்து கீழாகப் பத்துப் பட்டைகளாக வெட்டியதாக எண்ணிக்கொள்வோம். ஒவ்வொன்றும் 10 சென்டிமீட்டர் தடிமன், 100 லிட்டர் தண்ணீர். ஒரு பட்டை வடியும்வரை வேகம் பெரிதாக மாறவில்லை என்று வைத்துக்கொண்டு, அந்தப் பட்டையின் நடு உயரத்தில் இருக்கும் வேகத்தை எடுத்துக்கொள்வோம்.

மேல் பட்டையின் நடு உயரம் 95 சென்டிமீட்டர். அங்கே வினாடிக்கு 0.827 லிட்டர் வெளியேறும். 100 லிட்டருக்கு 121 வினாடி, அதாவது இரண்டு நிமிடம். நடுவில் இருக்கும் பட்டை ஒன்றை எடுத்தால், 55 சென்டிமீட்டர் உயரத்தில், 159 வினாடி. அடிப்பட்டையின் நடு உயரம் 5 சென்டிமீட்டர். ஓட்டம் வினாடிக்கு 0.19 லிட்டராகச் சுருங்கிவிடுகிறது. அதே 100 லிட்டருக்கு அங்கே 527 வினாடி, கிட்டத்தட்ட ஒன்பது நிமிடம்.

பத்துப் பட்டைகளின் நேரத்தையும் கூட்டினால் 35.5 நிமிடம் வருகிறது. இருபதைவிட இது உண்மைக்கு எவ்வளவோ அருகில் இருக்கிறது. ஆனாலும் முழுச் சரியில்லை. அடிப்பட்டைக்குள் நீர்மட்டம் 10 சென்டிமீட்டரிலிருந்து பூஜ்யம் வரை இறங்குகிறது. அதற்குள்ளேயே வேகம் முழுக்க மாறிவிடுகிறது. நடு உயரத்தின் வேகம் அந்தப் பட்டை முழுவதற்கும் பிரதிநிதியாக முடியாது.

பட்டைகளை இன்னும் மெலிதாக வெட்டலாம். ஒரு சென்டிமீட்டர் வீதம் நூறு பட்டைகள் என்றால் 38.1 நிமிடம். ஒரு மில்லிமீட்டர் வீதம் ஆயிரம் பட்டைகள் என்றால் 38.9 நிமிடம். விடை தாறுமாறாக ஓடவில்லை. ஓர் எண்ணை நோக்கி அடங்கி வருகிறது. பட்டையின் தடிமன் பூஜ்யத்தை நெருங்கும்போது அந்தக் கூட்டல் எந்த எண்ணில் போய் நிற்கும் என்று நேரடியாகச் சொல்லும் வழிதான் தொகையிடல்.

கூட்டலின் முடிவு

ஒரு மிக மெல்லிய பட்டையை எடுத்துக்கொள்வோம். தொட்டியின் குறுக்குப் பரப்பு A, பட்டையின் தடிமன் dh என்றால், அதிலுள்ள தண்ணீர் A × dh. அதே தண்ணீர்தான் துளை வழியாக dt நேரத்தில் வெளியேற வேண்டும். துளையின் பரப்பு a, குணகம் C என்று கொண்டால்:

A dh = −C a √(2gh) dt

கழித்தல் குறி, மட்டம் இறங்குகிறது என்பதைக் காட்டுகிறது. இதிலிருந்து ஒரு பட்டை வடியும் நேரம் 1/√h என்ற அளவுக்கு ஏற்ப மாறுகிறது என்று தெரிகிறது. அந்த 1/√h-களை எல்லாம் கூட்டினால் கிடைப்பது 2√h. ஆகவே நீர்மட்டம் h₁-இலிருந்து h₂-க்கு இறங்க ஆகும் நேரம்:

t = [2A / (C a √(2g))] × (√h₁ − √h₂)

நம் தொட்டிக்கு, முழுவதும் வடிய 39.3 நிமிடம். தொடக்க ஓட்டத்தை வைத்துப் போட்ட கணக்கு 19.6 நிமிடம். ஒன்று மற்றொன்றின் சரியான இரு மடங்கு. சூத்திரத்தின் முன்னால் நிற்கும் அந்த 2 தான் காரணம். சுவர்கள் செங்குத்தாக உள்ள எந்தத் தொட்டிக்கும், வட்டமோ சதுரமோ, தொடக்க ஓட்டம் சொல்லும் நேரத்தைப் போல இரு மடங்கு ஆகும்.

இங்கே மாணவர்கள் வழக்கமாகச் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. உயரம் ஒரு மீட்டரிலிருந்து பூஜ்யத்துக்கு வருகிறது, சராசரி அரை மீட்டர், அந்த உயரத்தின் வேகத்தைப் போட்டுவிடலாம் என்று நினைப்பார்கள். அப்படிப் போட்டால் 27.8 நிமிடம்தான் வரும்; பதினொரு நிமிடத்துக்கு மேல் குறைகிறது. உயரத்தின் சராசரி வேறு, வேகத்தின் சராசரி வேறு. தொட்டி வடிந்துகொண்டிருக்கும்போது வேகம் கடிகாரத்தோடு சேர்ந்து ஒரே சீராகக் குறைகிறது. ஆகவே வேகத்தின் சராசரிதான் தொடக்க வேகத்தில் பாதி. நேரம் இரு மடங்காவதும் அதனால்தான்.

வேகம் சீராகக் குறைவது என்றால் மேல்நோக்கி எறிந்த கல்லை நினைத்துக்கொள்ளலாம். கல் ஏற ஏற அதன் வேகம் வினாடிக்கு இவ்வளவு என்று ஒரே அளவாகக் குறைந்து, உச்சியில் பூஜ்யமாகிறது. தொட்டியின் நீர்மட்டமும் அதே விதிப்படிதான் இறங்குகிறது. தொடக்கத்தில் விறுவிறு என்று, முடிவில் ஊர்ந்து. விழும் பொருளுக்குக் கலிலியோ கண்ட 1, 3, 5, 7 என்ற ஒற்றைப்படை எண்களின் வரிசை தொட்டிக்குள்ளும் இருக்கிறது.

பாட்டிலில் பார்க்கலாம்

இதை வீட்டிலேயே சோதித்துவிட முடியும். இரண்டு லிட்டர் குளிர்பான பாட்டில் ஒன்றை எடுத்து, அடிப்பக்கம் சுவர் நேராகத் தொடங்கும் இடத்தில் 4 மில்லிமீட்டர் துளை போடுங்கள். துளையின் நடுவிலிருந்து அளந்து 1, 4, 9, 16 சென்டிமீட்டர் உயரங்களில் கோடு இடுங்கள். மூடியைக் கழற்றிவிட்டு, துளையை விரலால் அடைத்துத் தண்ணீர் நிரப்பி, விரலை எடுத்துவிட்டுக் கைபேசியின் கடிகாரத்தில் நேரம் பாருங்கள்.

16-இலிருந்து 9-க்கு ஏழு சென்டிமீட்டர். 9-இலிருந்து 4-க்கு ஐந்து. 4-இலிருந்து 1-க்கு மூன்று. தூரம் குறைந்துகொண்டே போனாலும் நேரம் மூன்றுக்கும் ஒன்றாகவே இருக்கும். இந்த அளவுப் பாட்டிலுக்கு ஏறத்தாழ 50 வினாடி. 16, 9, 4, 1 ஆகியவற்றின் வர்க்கமூலங்கள் 4, 3, 2, 1. உயரத்தின் வர்க்கமூலம் சம நேரத்தில் சம அளவு குறைகிறது என்று சூத்திரம் சொல்வதை நான்கு கோடுகளுக்கிடையே கண்ணால் பார்க்கலாம். பாட்டிலின் இடுப்பு குறுகியிருந்தால் அந்தப் பகுதியில் நேரம் குறைவாக வரும். அதுவும் விதிக்கு உட்பட்டதே, ஏனென்றால் A மாறிவிடுகிறது.

A மாறினால் விடையும் நிறைய மாறும். கூம்பு வடிவத் தொட்டியைத் தலைகீழாக வைத்து, முனையில் துளை போட்டால் பெரும்பாலான தண்ணீர் உயரத்தில் இருக்கும், வேகமாக வெளியேறிவிடும். ஊர்ந்து இறங்க வேண்டிய அடிப்பகுதியில் தண்ணீரே கொஞ்சம்தான். அங்கே தொகையிட்டுப் பார்த்தால், தொடக்க ஓட்டம் சொல்லும் நேரத்தைப் போல 1.2 மடங்குதான் ஆகிறது. செங்குத்துச் சுவருக்கு அது 2.

பண்டை எகிப்தியர் இந்த வேறுபாட்டைப் பயன்படுத்தினார்கள். கர்னாக் கோயிலில் கிடைத்த, மூன்றாம் அமன்ஹோதெப் காலத்து நீர்க்கடிகாரம், மேலே விரிந்து கீழே குறுகும் கல் பாத்திரம். அடியில் உள்ள சிறு துளை வழியாக நீர் சொட்டி, உள்மட்டம் இறங்குவதை வைத்து இரவில் நேரம் சொன்னார்கள். செங்குத்துப் பாத்திரமாக இருந்தால் மணிக்கோடுகளைக் கீழே வரவர நெருக்கிப் போட வேண்டியிருக்கும். சாய்ந்த சுவர் அந்தக் குறையைப் பெருமளவு சரிசெய்கிறது. மட்டம் முற்றிலும் சீராக இறங்க வேண்டுமானால், பாத்திரத்தின் ஆரம் உயரத்தின் நான்காம் மூலத்துக்கு ஏற்ப வளைய வேண்டும் என்பது நம் சமன்பாட்டிலிருந்தே வருகிறது.

கணக்கு எங்கே தவறும்?

கடைசி ஒன்றிரண்டு சென்டிமீட்டரில் சூத்திரத்தை நம்பக் கூடாது. நீரின் உயரம் துளையின் விட்டத்தின் அளவுக்கு வந்துவிட்டால், தண்ணீர் சுழன்று நடுவில் காற்றுக்குழி விழும். துளையின் ஒரு பகுதியைக் காற்று எடுத்துக்கொள்வதால் ஓட்டம் மேலும் குறையும். உறிஞ்சுவது போன்ற ஒலி கேட்கத் தொடங்கினால் சூத்திரத்தின் எல்லை முடிந்துவிட்டது என்று பொருள். நம் தொட்டியில் கடைசி ஒரு சென்டிமீட்டருக்குச் சூத்திரம் சுமார் நான்கு நிமிடம் தருகிறது. உண்மையில் அதைவிடக் கூடுதலாகவே ஆகும்.

அடுத்தது காற்று. தண்ணீர் இறங்கும் அளவுக்கு மேலிருந்து காற்று உள்ளே வந்தாக வேண்டும். மூடி இறுக மூடி, காற்றுக்குழாயும் அடைத்திருந்தால், உள்ளே அழுத்தம் குறைந்து தாரை மெலியும். பிறகு நின்று நின்று, குமிழியிட்டு வரும். ஒரு மீட்டர் நீரின் உயரத்தைச் சமன்செய்ய வளிமண்டல அழுத்தத்தில் பத்தில் ஒரு பங்கு குறைந்தாலே போதும். பெரிய மெல்லிய தகட்டுத் தொட்டிகள் இப்படி வடிக்கும்போது உள்நோக்கி நசுங்கிப்போவதும் உண்டு. சிறிதாகத் தோன்றும் இந்த அழுத்தம் பெரிய பரப்பில் டன் கணக்கான விசையாகிவிடும்.

மூன்றாவது, துளையில் நீண்ட குழாய் இணைந்திருப்பது. மாடித் தொட்டியின் கழிவுக்குழாய் மூன்று மீட்டர் கீழே தரைவரை இறங்கி, அதில் நீர் நிரம்பி ஓடினால், h-ஐத் தொட்டியின் அடியிலிருந்து அளக்கக் கூடாது; குழாயின் கீழ்முனையிலிருந்து அளக்க வேண்டும். தொட்டி முழுவதும் வடியும்போது அந்த உயரம் நான்கு மீட்டரிலிருந்து மூன்று மீட்டருக்குத்தான் குறைகிறது. வேகம் அதிகம் மாறாததால் கடைசிப் பட்டையின் சோம்பல் மறைந்துவிடுகிறது. ஆனால் குழாயின் சுவரும் வளைவுகளும் வால்வும் அந்த உயரத்தில் கணிசமான பங்கை உராய்வாக விழுங்கிவிடும். அங்கே 0.61 செல்லாது, குழாயின் நீளத்தையும் விட்டத்தையும் வைத்து வேறு கணக்குப் போட வேண்டும்.

இதிலிருந்து இன்னொன்றும் விளங்கும். ஊசித்துளை போன்ற மிக மெல்லிய நீண்ட குழாயில் நீர் மெதுவாகக் கசியும்போது, ஓட்டம் √h-ஐப் பின்பற்றாமல் h-ஐயே பின்பற்றும். அந்தக் கணக்கில் தொட்டி முழுதாகக் காலியாவதே இல்லை. சம நேரத்துக்கு ஒருமுறை பாதி, அதில் பாதி என்று குறைந்துகொண்டே போகும். சாதாரணத் துளை குறிப்பிட்ட நேரத்தில் வேலையை முடித்துவிடுவது வர்க்கமூலத்தின் தயவால்தான்.

உங்கள் தொட்டிக்கு

துளையின் விளிம்பு எப்படி இருக்கிறது, குணகம் எவ்வளவு என்று தெரியாவிட்டாலும், குட்டையான திறப்புள்ள செங்குத்துத் தொட்டிக்கு நேரத்தைச் சொல்லிவிடலாம். நிறைந்த உயரத்தை 100 பங்கு என்று வைத்துக்கொண்டு, 81 பங்கில் ஒரு குறி போடுங்கள். ஒரு மீட்டர் தொட்டியானால் மேலிருந்து 19 சென்டிமீட்டர். அடியில் திறந்து, மட்டம் அந்தக் குறிக்கு வரும் நேரத்தைப் பாருங்கள். வர்க்கமூலம் 10-இலிருந்து 9-க்கு வந்திருக்கிறது; மொத்த நேரத்தில் பத்தில் ஒரு பங்கு ஓடிவிட்டது. பார்த்த நேரத்தைப் பத்தால் பெருக்கினால் முழு நேரம் கிடைக்கும். நம் தொட்டியில் அந்த முதல் கட்டத்துக்கு ஏறத்தாழ நான்கு நிமிடம். பெருக்கினால் நாற்பதுக்கு அருகில். குணகமும் துளையின் அளவும் அந்த நான்கு நிமிடத்துக்குள்ளேயே அடங்கிவிடுகின்றன.

தொடர்ந்து 64 பங்குக்கும் குறி போட்டுப் பார்த்தால் இன்னும் நல்லது. 81-இலிருந்து 64-க்கு வரவும் அதே நேரம்தான் ஆக வேண்டும், ஏனென்றால் வர்க்கமூலம் 9-இலிருந்து 8-க்கு வருகிறது. அதிக நேரம் எடுத்தால் துளையில் சேறு அடைக்கிறது, அல்லது காற்று போதவில்லை, அல்லது மிதவை வால்வு வழியாக மேலிருந்து தண்ணீர் உள்ளே வந்துகொண்டிருக்கிறது. குறைந்த நேரத்தில் வந்துவிட்டால் சுவர் கீழே குறுகுகிறது.

நேரத்தைக் குறைக்க வேண்டுமானால் துளையைத்தான் பெரிதாக்க வேண்டும். விட்டம் இரு மடங்கானால் பரப்பு நான்கு மடங்காகும். 39 நிமிடம் 10 நிமிடமாகிவிடும். துளையை மாற்ற வழியில்லை என்றால், கடைசி 10 சென்டிமீட்டரை வாளியால் மொண்டுவிடுங்கள். பத்தில் ஒரு பங்குத் தண்ணீர்தான் அங்கே இருக்கிறது. ஆனால் மொத்த நேரத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு, 12 நிமிடத்துக்கும் மேல், அதற்குத்தான் போகிறது.